முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம்!

போனில் எடுத்த படத்தில் பின்னால் இருக்கும் கோபுரம் பளிச்சென்று விழுந்திருக்கும். முன்னால் நிற்பவரின் முகம் மட்டும் இருட்டில் கிடக்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? ஒட்டுமொத்தப் படத்தின் வெளிச்சத்தையும் கூட்டுகிறோம். முகம் தெரிய ஆரம்பிக்கும்போது வானம் வெள்ளைக் காகிதமாகி, கோபுரம் காணாமல் போய்விடும். இல்லையென்றால் பியூட்டி ஃபில்டரைத் தட்டுகிறோம். அப்போது முகம் தெரிகிறது. ஆனால், அது வேறு யாருடைய முகமோ!

இந்த வாரம் வந்த கேள்வியும் இதைப் பற்றியதுதான். மயிலாப்பூர் வாசகி ஒருவர் அனுப்பியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு அடுத்த மாதம் சதாபிஷேகம். பத்திரிகையில் போட அப்பா, அம்மா இருவரும் சேர்ந்து நிற்கும் படம் வேண்டும். ஸ்டூடியோவுக்கு வர அப்பா சம்மதிக்கவில்லை. "நம்ம குளத்தங்கரையிலேயே எடுங்கோ" என்றாராம். காலை 8 மணிக்கு ராமகிருஷ்ண மடம் சாலை ஓரமாக இருவரையும் நிற்க வைத்து, தெப்பக்குளமும் கபாலீஸ்வரர் கோயிலும் பின்னால் தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். இரண்டு முகங்களும் இருட்டு. பேரன் உதவிக்கு வந்து, ஏதோ ஒரு செயலியில் ஒரே தட்டில் 'அழகாக்கி'க் கொண்டு வந்து காட்டினான். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இது யாருடா? என்னை மாதிரியே புடவை கட்டிண்டிருக்காளே!"

வாசகியின் போன் 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு கொண்ட சாதாரண போன். அதில் காலி இடம் 2 ஜி.பி.க்கும் குறைவு. 'காசு செலவில்லாமல், போனைத் திணறடிக்காமல், அம்மாவை அம்மாவாகவே காட்ட வழி உண்டா?' என்பது அவர் கேள்வி.

உண்டு. முழுப் படத்தையும் தொடாமல், வேண்டிய இடத்தில் மட்டும் கை வைக்கிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த ஒரு படத்தையே எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை பார்ப்போம்.

முகம் ஏன் இருண்டது?

கபாலீஸ்வரர் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது தெப்பக்குளம். குளத்துக்கும் மேற்கே ராமகிருஷ்ண மடம் சாலை. அந்தச் சாலை ஓரம் நின்று கோயில் தெரிகிற மாதிரி எடுத்தால், கேமரா கிழக்கு நோக்கிப் பார்க்கிறது. காலை 8 மணிக்குச் சூரியனும் அங்கேதான். ஆக, வெளிச்சம் முழுக்க அப்பா, அம்மாவின் முதுகில் விழுகிறது. முகத்தில் நிழல்.

போன் கேமரா காட்சி முழுவதிலும் உள்ள வெளிச்சத்தைக் கணக்கிட்டு, எவ்வளவு ஒளியை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கிறது. பெரும்பகுதி பளிச்சென்ற வானம் என்றால், 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து ஒளியைக் குறைத்துவிடும். விலை கூடிய போன்கள் பல படங்களை ஒரே நொடியில் எடுத்துக் கலந்து இதைச் சமாளிக்கும். விலை குறைந்த போன்களும் இதை முயல்கின்றன. ஆனால் அந்த அளவுக்குக் கைகூடுவதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு வேறு, இருட்டு வேறு. நாம் சரி செய்ய வேண்டியது இருட்டை, நிறத்தை அல்ல. மாநிற முகத்தில் நல்ல வெளிச்சம் விழுந்தால் அது வெளுப்பாகாது. மாநிறமாகவே, தெளிவாகத் தெரியும். இனி செய்யப் போகும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இதுதான் உரைகல்.

தொடங்கும் முன் மூன்று வேலைகள்

முதல் வேலை, சரியான கோப்பை எடுப்பது. குடும்பக் குழுவில் வந்த வாட்ஸ்அப் படத்தைத் திருத்தாதீர்கள். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. இருட்டான பகுதியில் இருந்த நுணுக்கங்கள் போய்விட்டிருக்கும். அதில் வெளிச்சத்தைக் கூட்டினால் கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். எடுத்த போனில் இருக்கும் அசல் கோப்புதான் வேண்டும். வேறு போனில் இருந்தால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாமல் Document என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு அப்படியே வரும்.

இரண்டாவது, இடம். காலி இடம் மிகக் குறைவாக இருந்தால், திருத்தி முடித்துச் சேமிக்கும் நேரத்தில் செயலி மூடிக்கொள்ளும் அபாயம் உண்டு. 2 ஜி.பி.யாவது காலியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் Settings, அதில் Storage and data, அதில் Manage storage என்று போனால் பெரிய வீடியோக்கள் வரிசையாக நிற்கும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம். கேலரியில் நீக்கியவை பெரும்பாலான போன்களில் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் உண்மையில் திரும்பக் கிடைக்கும்.

மூன்றாவது, திரை. இரவில் கண்ணுக்கு இதமாக இருக்க நாம் போட்டு வைக்கும் மஞ்சள் திரை வசதியை அணைத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். அதைச் சரி செய்வதாக நினைத்து முகத்தை நீலமாக்கிவிடுவோம். திரையின் வெளிச்சத்தையும் தானாக மாறவிடாமல், நடுவில் நிறுத்துங்கள்.

செயலி எது?

நான் சொல்வது ஸ்னாப்ஸீட். பிளே ஸ்டோரில் Snapseed என்று தேடினால் கிடைக்கும். 2011-ல் நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் ஐபேடுக்காகக் கொண்டுவந்த செயலி இது. 2012-ல் அந்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. அந்த ஆண்டு இறுதியில் ஆண்ட்ராய்டுக்கும் வந்து, இலவசமாகவும் ஆனது. விளம்பரம் இல்லை. 'இந்தக் கருவிக்கு மட்டும் பணம் கட்டுங்கள்' என்ற பூட்டும் இல்லை. வேறு சில செயலிகள் இலவசம் என்று உள்ளே அழைத்துவிட்டு, நாம் இன்று பேசப்போகிற பகுதித் திருத்தக் கருவியைத்தான் பணத்துக்கு வைத்திருக்கும். பதிப்புக்குப் பதிப்பு பட்டன்களின் இடம் மாறலாம்; கருவிகளின் பெயரைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ரேம் பற்றியும் ஒரு வார்த்தை. கேலரியில் 4 எம்.பி. என்று காட்டும் 12 மெகாபிக்சல் படம், திருத்துவதற்காகத் திறக்கும்போது சுருக்கம் நீங்கி சுமார் 48 எம்.பி. நினைவகத்தைப் பிடிக்கும். 50 மெகாபிக்சல் முறையில் எடுத்த படமாக இருந்தால் சுமார் 200 எம்.பி. இதனால்தான் சின்ன போன்கள் நடுவில் விக்கி நிற்கின்றன. பின்னால் ஓடும் செயலிகளை மூடிவிட்டு ஆரம்பியுங்கள். இனி எடுக்கும் படங்களை 50 மெகாபிக்சலில் எடுக்காமல், கேமராவின் வழக்கமான 12 மெகாபிக்சல் முறையிலேயே எடுங்கள். முகப் படத்துக்கு அது தாராளம்.

முதலில் பொதுவான திருத்தம்

படத்தைத் திறந்ததும் Crop. நம் படத்தில் தலைக்கு மேல் வானம் நிறைய இருந்தது. கோபுர உச்சிக்கு மேல் கொஞ்சம் விட்டு, மீதியை வெட்டியாயிற்று. வெட்டுவதை முதலிலேயே செய்துவிட்டால், போன் சுமக்க வேண்டிய சுமையும் குறைகிறது.

அடுத்து Tune Image. விரலை மேலும் கீழும் இழுத்தால் பட்டியல் வரும். இடதும் வலதுமாக இழுத்தால் அளவு மாறும். இங்கே Brightness பக்கமே போக வேண்டாம். Highlights என்பதை -25 அளவுக்குக் குறைத்தோம். வெளுத்திருந்த வானத்தில் கொஞ்சம் நீலம் எட்டிப்பார்த்தது. Shadows என்பதை +20 கூட்டினோம். புடவையின் மடிப்புகள் தெரிந்தன. Ambiance +10. இது எதிர்வெளிச்சப் படங்களில் வெளிச்சத்தைச் சமன் செய்யும். அவ்வளவுதான். முகங்கள் இன்னும் கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கின்றன. இருக்கட்டும், அவற்றுக்குத் தனி வைத்தியம்.

இந்த அளவுகளை அப்படியே காப்பியடிக்க வேண்டாம். உங்கள் படத்துக்கு வேறு எண் வரும். ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம். பொதுவான திருத்தம் முதலில், முகம் அதன் பிறகு. முகத்தைச் சரி செய்துவிட்டுப் பிறகு படம் முழுவதையும் மாற்றினால், முகத்தில் செய்த வேலையும் சேர்ந்து மாறிவிடும்.

புள்ளி வைத்து வெளிச்சம்

ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் டச்சிங் செய்பவர் என்று ஒருவர் இருப்பார். நெகட்டிவைப் பின்னால் வெளிச்சம் வரும் சாய்வுப் பலகையில் வைத்து, கூர்மையாகச் சீவிய பென்சிலால் மெல்ல மெல்லப் புள்ளி வைப்பார். முகத்தின் நிழல் பகுதி நெகட்டிவில் தெளிந்து, கண்ணாடி போல இருக்கும். அங்கே பென்சில் பட்டால், பிரிண்டில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே இரண்டு தொடுதல், மூக்கோரம் ஒன்று என்று அளந்துதான் வைப்பார். அதிகம் வைத்தால் முகம் மெழுகு பொம்மையாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

ஸ்னாப்ஸீட்டில் Selective என்ற கருவி செய்வது ஏறக்குறைய அதே வேலைதான். அதைத் திறந்து, அப்பாவின் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினால் ஒரு புள்ளி விழும். அதில் B என்ற எழுத்து இருக்கும். Brightness என்று அர்த்தம். இரண்டு விரல்களால் திரையை விரித்தாலோ குவித்தாலோ புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் பெரிதாகும், சிறிதாகும். அப்போது எந்தப் பகுதி மாறப்போகிறது என்பது சிவப்பு நிறத்தில் தெரியும்.

அந்தச் சிவப்பை உற்றுப் பாருங்கள். வட்டம் முழுவதும் சிவப்பாக இருக்காது. புள்ளி வைத்த இடத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒத்த பகுதிகள்தான் சிவந்திருக்கும். கன்னத்தில் வைத்தால் கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் வரும். நரைத்த முடியும் பின்னால் உள்ள வானமும் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே வட்டத்தைவிட, புள்ளி விழும் இடம்தான் முக்கியம். மினுங்கும் மூக்கு நுனியில் வைக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்திலும் வைக்காதீர்கள். நிழலில் இருக்கும் கன்னத்தின் நடுப்பகுதிதான் சரியான இடம். புள்ளியை அழுத்திப் பிடித்தால் பெரிதாக்கிக் காட்டும். நகர்த்தித் துல்லியமாக வைக்கலாம்.

வட்டத்தை நெற்றியிலிருந்து தாடை வரை அடங்கும்படி சுருக்கி, விரலை வலப்பக்கம் இழுத்து Brightness +25 வைத்தோம். அப்பா முகம் வெளியே வந்தது. ஆனால் இரண்டு சிக்கல்களும் கூடவே வந்தன.

ஒன்று, முகம் மட்டும் வெளிச்சமாகி, கழுத்து இருட்டிலேயே நின்றது. முகமூடி மாட்டியது போல ஒரு தோற்றம். அவசரத்தில் செய்யும் படங்களில் அடிக்கடி பார்க்கும் தப்பு இது. கழுத்தில் இன்னொரு புள்ளி வைத்து +15 கொடுத்தோம். முன்னால் கோத்திருந்த கைகளுக்கும் ஒரு புள்ளி, +12. முகத்தைவிடக் கழுத்தும் கையும் ஒரு படி குறைவாக இருந்தால்தான் இயல்பு.

இரண்டாவது, நெற்றியில் இருந்த விபூதி மங்கிப்போனது. தோல் வெளுக்க வெளுக்க, வெண்மையான கீற்றுகளுக்கும் அதற்கும் வித்தியாசம் குறைந்துவிட்டது. இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. விபூதியின் மேல் ஒரு புள்ளி வைத்து, வட்டத்தை மிகச் சிறிதாக்கி, எந்த அளவையும் மாற்றாமல் 0-விலேயே விட்டுவிடுங்கள். அது காவல் புள்ளி. பக்கத்துப் புள்ளியின் வெளிச்சம் அங்கே பரவாமல் தடுக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நரைமுடியின் ஓரம் ஆகியவற்றுக்கும் இதே உபாயம்தான். மொத்தம் 8 புள்ளிகள் வரை வைக்கலாம் என்பதால், காவலுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு வையுங்கள். போதவில்லை என்றால் சரிக்குறியைத் தட்டி முடித்துவிட்டு, மறுபடி Selective திறந்து புதிதாக ஆரம்பிக்கலாம். நாம் அம்மாவின் முகத்துக்கு அப்படித்தான் இரண்டாவது முறை திறந்தோம்.

அம்மாவின் கன்னத்தில் +22. இருட்டிலிருந்து மீட்ட முகம் சாம்பல் பூத்தது போலத் தெரிவது வழக்கம். வெளிச்சம் கூடும்போது தோலின் நிறச்செறிவு நீர்த்துப்போவதுதான் காரணம். அதே புள்ளியில் விரலை மேலும் கீழும் இழுத்தால் Saturation வரும். அதில் +8 வைத்ததும் மஞ்சள் பூசிய முகத்தின் அந்தச் சூடு திரும்பி வந்தது. Contrast, Structure இரண்டையும் முகத்தில் தொடவில்லை. Structure கூட்டினால் ஒவ்வொரு சுருக்கமும் கீறல் போல எழுந்து நிற்கும்.

பிரஷ் எடுக்க வேண்டிய இடங்கள்

அம்மா கட்டியிருந்தது அரக்குப் பட்டு. வெயில் பட்ட பட்டுப்புடவை கண்ணாடி போல நிறத்தைத் திருப்பி அடிக்கும். தாடைக்குக் கீழே ஒரு சிவப்புச் சாயம் படிந்திருந்தது. Selective-ல் ஒளியையும் செறிவையும் மாற்றலாமே தவிர, சாயத்தைச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ மாற்ற முடியாது. அதற்கு Brush என்ற கருவி. அதில் Temperature தேர்ந்தெடுத்து, கீழே உள்ள அளவை -5-க்கு இறக்கி, தாடையின் அடியில் மட்டும் ஒருமுறை விரலால் தடவினோம். சிவப்பு தணிந்தது.

பிரஷ்ஷுக்குத் தனியாகச் சின்னது பெரியது என்று அளவு கிடையாது. படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறோமோ, அவ்வளவு நுணுக்கமாகத் தடவலாம். எனவே நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு தடவுங்கள். எல்லை தாண்டிவிட்டால், அளவை 0-க்குக் கொண்டுவந்து அதே இடத்தில் தடவினால் அழிந்துவிடும். அதே Brush-ல் Dodge & Burn தேர்ந்தெடுத்து +5 வைத்து, இருவரின் கண்குழியிலும் ஒரே ஒரு தடவல். கண்கள் உயிர் பெற்றன. இரண்டாவது முறை தடவத் தோன்றும், வேண்டாம்.

Healing என்ற கருவியும் இருக்கிறது. எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. அடுத்த வாரம் தானாகப் போய்விடக்கூடியதை அழிக்கலாம்: கொசுக்கடி, சட்டையில் ஒட்டிய நூல், நெற்றியில் வழிந்த வியர்வைத் துளி. எப்போதும் இருப்பதைத் தொடக்கூடாது: மச்சம், தழும்பு, எண்பது வருஷம் சேர்த்து வைத்த சுருக்கம். மூக்குத்தியின் பக்கம் Healing-ஐக் கொண்டு போகவே போகாதீர்கள். பக்கத்துத் தோலை எடுத்து வந்து ஒட்டி, மூக்குத்தியையே விழுங்கிவிடும்.

போதும் என்று எப்படித் தெரியும்?

படத்தின் மூலையில் உள்ள ஒப்பீட்டுக் குறியை அழுத்திப் பிடித்தால் பழைய படம் தெரியும், விட்டால் புதியது. 'அட, எவ்வளவு மாற்றம்!' என்று நீங்களே வியந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். 'வெயில் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது' என்று தோன்றினால் சரி.

பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள். விபூதியின் மூன்று கீற்றும் தனித்தனியாகத் தெரிகிறதா? குங்குமம் குங்குமமாகவே இருக்கிறதா, ஆரஞ்சுக்கோ ரோஸுக்கோ போய்விட்டதா? தலைக்கும் வானத்துக்கும் நடுவே ஒளிவட்டம் போல வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா? முதல் இரண்டும் கெட்டிருந்தால் Brightness அதிகம். ஒளிவட்டம் இருந்தால் வட்டம் பெரிது. அதைச் சுருக்குங்கள், அல்லது முடியோரத்தில் ஒரு காவல் புள்ளி வையுங்கள்.

சரிக்குறி போட்ட பிறகு தெரிந்தாலும் கவலை இல்லை. View edits என்ற இடத்துக்குப் போனால் செய்த திருத்தங்கள் எல்லாம் அடுக்காக நிற்கும். வேண்டியதைத் தட்டித் திறந்து, அளவை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை.

அதன் பிறகு போனை மேஜையில் வைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிஷம் ஒரே படத்தைப் பார்த்த கண்ணுக்கு அதிகம் எது, குறைவு எது என்று புலப்படாது. இன்னொருவர் போனிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திரைக்குத் திரை நிறம் மாறும்.

சேமிப்பதும் இடம் மிச்சம் பிடிப்பதும்

திருத்தி முடித்ததும் Export. இது அசலைத் தொடாமல் புதிதாக ஒரு பிரதி எடுக்கும். அந்தப் பிரதியில் திருத்தங்கள் நிரந்தரமாகிவிடும். பிறகு பின்னோக்கிப் போக முடியாது. அதனால்தான் அசல் கோப்பு கண்டிப்பாக வேண்டும். ஆனால் 'இப்போதைக்கு ஒன்று, எதற்கும் இன்னொன்று' என்று ஐந்து தடவை Export செய்தால், ஒரே படத்துக்கு 20 எம்.பி. போய்விடும். மனது நிறைந்த பிறகு ஒரே ஒரு முறை செய்யுங்கள். கோப்பு வகை JPG போதும். PNG எடுத்தால் பல மடங்கு இடம் பிடிக்கும்.

பத்திரிகை அச்சடிக்க எவ்வளவு பெரிய படம் தேவை? நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கணக்கு. 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800 பிக்சல் இருந்தால் போதும். 12 மெகாபிக்சல் படம் சுமார் 4000-க்கு 3000 பிக்சல். பாதியை வெட்டினாலும் மிச்சம் இருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்பும்போதும் மறக்காமல் Document ஆகவே அனுப்புங்கள்.

அன்று காலை எடுத்தவை மொத்தம் 60 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். தலா 4 எம்.பி. என்றால் 240 எம்.பி. கண் மூடியவை, ஆடியவை எல்லாவற்றையும் முதலில் நீக்கினால் பத்துப் பதினைந்துதான் தேறும். தேறியவற்றின் அசலைப் போனிலேயே வைத்திருக்க வேண்டியதில்லை. போனில் செருகும்படியான பென் டிரைவில் போட்டு வைக்கலாம். அல்லது கூகுள் போட்டோஸில் ஏற்றலாம். அங்கே இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஏற்றிய பிறகு, அந்தச் செயலிக்குள் படத்தைத் தேர்ந்தெடுத்து Delete செய்தால் மேலே ஏற்றியதும் சேர்ந்து போய்விடும்! Free up space என்பதைத்தான் தட்ட வேண்டும். அதுதான் போனில் உள்ளதை மட்டும் நீக்கி, ஏற்றியதைக் காப்பாற்றும்.

எதை மீட்க முடியாது?

இருட்டிலிருந்து ஓரளவு மீட்கலாம். முழுக்க வெளுத்துப்போனதை மீட்கவே முடியாது. அங்கே எந்தத் தகவலும் பதிவாகியிருக்காது. எனவே எதிர்வெளிச்சத்தில் எடுக்கும்போது, முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து, வானம் வெளுக்காத அளவுக்கு எடுங்கள். அதற்காக ஒரேயடியாக இருட்டாக்கிவிடவும் கூடாது. +40-க்கு மேல் கூட்ட வேண்டி வந்தால், கன்னத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் கிளம்பும். அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு படம் எடுப்பதே மேல்.

தி.நகர் ஜவுளிக் கடைகளில் எடுக்கும் படங்களுக்கு வேறு தொல்லை. மேலே வெள்ளை விளக்கு, அலமாரியில் மஞ்சள் விளக்கு, வாசலிலிருந்து பகல் வெளிச்சம். ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். White Balance-ல் ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடும். Brush-ல் Temperature எடுத்து, ஒரு கன்னத்தை மட்டும் தடவிச் சமன் செய்யலாம். அதைவிட எளிது, முகத்தை வாசல் பக்கம் திருப்பி எடுப்பது.

சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் கடல் பின்னணியாக வர வேண்டுமென்றால், காலை நேரம் எதிர்வெளிச்சம். மாலையில் முகத்தின் மேல் இதமான வெயில். மயிலைக் குளத்தங்கரைக்கும் இதே கணக்குதான். மாலை நாலரை, ஐந்து மணிக்கு அதே இடத்தில் நின்றால் வெயில் நேரே முகத்தில் விழும், கோபுரமும் பொன்னாக மின்னும். பாதித் திருத்தம் சூரியனே செய்துவிடுகிறது.

இன்னொன்று. பல போன்களில் கேமராவுக்குள்ளேயே Beauty என்ற வசதி, நாம் கேட்காமலே போடப்பட்டிருக்கும். எடுக்கும்போதே தோலை வழித்து, வெளுப்பாக்கிப் பதிவு செய்துவிடும். பின்னால் எந்தச் செயலியாலும் அதை நீக்க முடியாது. சுருக்கமும் மச்சமும் படத்துக்குள் வந்தே இருக்காது. அடுத்த படத்தை எடுக்கும் முன் கேமராவைத் திறந்து, அது 0-வில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாசகிக்கு ஒரு யோசனை. திருத்திய படத்தை அச்சுக்கு அனுப்பும் முன், 4-க்கு 6 அளவில் ஒரே ஒரு பிரதி எடுத்து அப்பாவிடம் கொடுங்கள். அவர் அதில் அம்மாவைத் தேட வேண்டியிருந்தால், View edits திறந்து Brightness-ஐ ஐந்து குறையுங்கள்.